ஸ்பீடு இருக்கிறது, முறை வரவில்லை

மும்பை செம்பூரில் அக்கா வீடு நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சமையலறை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அக்கா மகன் கல்லூரியிலிருந்து வந்ததும் லேப்டாப்பில் வேலரன்ட் ஆடுவான். அந்த விளையாட்டுக்கு மும்பையிலேயே சர்வர் இருக்கிறது. ஆகவே பிங், அதாவது ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் நேரம், எப்போதும் ஒற்றை இலக்க மில்லி விநாடியிலோ பத்து, பதினைந்திலோ நிற்க வேண்டும். பகலில் அப்படித்தான் நின்றது. இரவு எட்டு மணிக்கு மேல் திடீர் திடீரென்று நூற்றைம்பதுக்குத் தாவி, மறுபடி இறங்கிவிடும். "மாமா, ஸ்பீடு டெஸ்ட்ல தொண்ணூறு காட்டுது. ஆனா எதிராளி என்னைச் சுட்ட பிறகுதான் எனக்குத் தெரியுறான்" என்றான்.

அவன் சொன்ன இரண்டுமே உண்மை. ஸ்பீடு டெஸ்ட் பத்து, பதினைந்து விநாடிகளின் சராசரியைச் சொல்கிறது. அதற்கு நடுவே ஐந்தாறு தடவை நூறு மில்லி விநாடி நின்றுபோனாலும் சராசரி பெரிதாகக் குறையாது. விளையாட்டுக்கோ சராசரியால் பயனில்லை. வேலரன்ட் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது, அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. போகிற, வருகிற தரவுப் பொட்டலங்கள் மிகச் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நூறு மில்லி விநாடி தாமதம் என்றால் ஆட்டம் பன்னிரண்டு படி முன்னே போய்விட்டது என்று பொருள்.

முதலில் குற்றம் வைஃபையிலா, வெளியே போகிற இணைப்பிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்யாமலே ரவுட்டரையும் பிளானையும் மாற்றிவிடுகிறார்கள். வழி சுலபம். இணையத்தைத் தொடாமல் வீட்டு ரவுட்டரை மட்டும் விண்டோஸ் கட்டளைச் சாளரத்திலிருந்து பிங் செய்து பாருங்கள். பெரும்பாலும் அதன் முகவரி 192.168.1.1 ஆகவோ 192.168.0.1 ஆகவோ இருக்கும்:

```
ping -n 200 192.168.1.1
```

அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டரிடமிருந்து மூன்று, நான்கு மில்லி விநாடியில் பதில் வர வேண்டும். நாங்கள் இரவு ஒன்பதரைக்குப் பார்த்தபோது பெரும்பாலான பதில்கள் அப்படியே வந்தன. ஆனால் இருநூறில் இருபத்தாறு பதில்கள் ஐம்பதைத் தாண்டின, ஒன்று 210. இரண்டு சுவர் தள்ளி இருக்கிற பெட்டிக்குப் போய் வரவே இந்தப் பாடு என்றால், இணைப்புக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாவல்கள் கடிகாரம் போலச் சீரான இடைவெளியில் வந்தால், உங்கள் லேப்டாப்பே அவ்வப்போது வேறு நெட்வொர்க் உண்டா என்று தேடப் போகிறது என்று சந்தேகிக்கலாம். ஒழுங்கில்லாமல், மாலை நெரிசலில் மட்டும் வந்தால் அது அக்கம்பக்கத்து வைஃபை.

சரி, பக்கத்து வீட்டு வைஃபை நம்மை எப்படித் தடுக்கிறது? அது நம் அலையை அழுத்தி மூழ்கடிப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நேரம் நாம் அதற்கு மரியாதையாக வழிவிட்டு நிற்கிறோம். வைஃபையின் சட்டமே அதுதான். பேசுவதற்கு முன் கேள். யாராவது பேசினால் பொறு. அவர் முடித்ததும் உடனே பாயாமல் பூஜ்யத்திலிருந்து பதினைந்துக்குள் ஏதோ ஓர் எண்ணை மனதில் எடுத்து, அத்தனை சிறு கணங்கள் எண்ணிவிட்டுப் பேசு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால், அடுத்த முறை இன்னும் பெரிய எண்ணுக்குள் எடு. ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைத் துண்டில், இருக்கும் எல்லாப் பெட்டிகளும், யார் வீட்டுடையது என்ற வேறுபாடு இல்லாமல், இந்த ஒற்றை வரிசையில்தான் நிற்கின்றன. மேல் வீட்டில் டிவியில் படம் ஓடினால், அந்த ரவுட்டர் முறை கிடைத்தபோதெல்லாம் சில மில்லி விநாடிகள் தொடர்ந்து பேசும். விளையாட்டின் சின்னப் பொட்டலம் அதன் பின்னால் நிற்கும். அப்படி நாலைந்து வீடுகள் இருந்து, நடுவே ஒரு மோதலும் சேர்ந்தால் தாமதம் எகிறிவிடும். சிக்னல் முழுக் கட்டை காட்டினாலும் லேக் வருவது இதனால்தான்.

எல்லாரும் ஒரே மொழியில் பேசும்வரை இந்த வரிசை ஓரளவு ஒழுங்காக நகரும். சிக்கல் பெரிதாவது அரைகுறையாக மேற்படியும் சேனல்களில். 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வைஃபையும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பரவுகிறது. ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் ஒன்றோடொன்று மோதாமல் சேர்த்து வைக்க முடியும். 1-இலும் 6-இலும் கூட்டமாக இருக்கிறதே என்று 3-இல் போய் உட்கார்ந்தால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சிக்குகிறோம். அவர்கள் பேச்சு நமக்குப் புரியாது, நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. புரிகிற வைஃபை பேச்சு மிக மெலிதாக இருந்தாலும் ரவுட்டர் அடையாளம் கண்டு பொறுத்துக்கொள்ளும். புரியாத இரைச்சலோ அதைவிட நூறு மடங்கு வலுவாக இருந்தால்தான் பொறுக்க வேண்டும் என்ற உணர்வே வரும். அதுவரை ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள், பொட்டலங்கள் சிதையும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பேண்டில், கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11-இல் ஒன்றையே எடுங்கள்.

விண்டோஸில் சுற்றுப்புறத்தைப் பார்க்க இந்தக் கட்டளை போதும். இருப்பிட அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும்:

```
netsh wlan show networks mode=bssid
```

அக்கா வீட்டில் முப்பத்தொரு நெட்வொர்க் வந்தது. 2.4-இல் மட்டும் 1-இல் ஆறு, 6-இல் ஒன்பது, 11-இல் ஐந்து. எங்கள் ரவுட்டர் ஆட்டோவில் இருந்து 4-ஐப் பிடித்திருந்தது. பல ரவுட்டர்கள் மின்சாரம் வந்து எழும் நேரத்தில்தான் சேனலைத் தேர்வு செய்யும். அது காலை பதினொரு மணியாக இருந்தால், ஊரே வேலைக்குப் போன அமைதியைப் பார்த்து எடுத்த முடிவு இரவுக்கு உதவாது. அதனால் இந்தக் கணக்கெடுப்பை நீங்கள் ஆடும் நேரத்திலேயே செய்ய வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். விண்டோஸ் 11-இல் சில நெட்வொர்க்குகளுக்குக் கீழே Channel Utilization என்று ஒரு சதவீதம் தெரியும். அந்தச் சேனலின் நேரத்தில் எவ்வளவு ஏற்கனவே போய்விட்டது என்பதை அது சொல்கிறது. அமைதியான நான்கு நெட்வொர்க்கை விட ஓயாமல் பேசும் ஒன்று தொல்லை.

2.4-இல் யாருமே ஒன்றும் செய்யாவிட்டாலும் நேரம் கரைகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் 'நான் இருக்கிறேன்' என்று 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை அறிவிக்கும். பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகப் பல ரவுட்டர்கள் அதை விநாடிக்கு 1 மெகாபிட் என்ற ஆமை வேகத்தில் சொல்கின்றன. முந்நூறு பைட் அறிவிப்புக்கு 2.4 மில்லி விநாடி. ஒரே சேனலில் பத்து நெட்வொர்க் என்றால் இருக்கும் நேரத்தில் கால்வாசி இந்த அறிவிப்புக்கே செலவு. மாடிக் கட்டடத்தில் இந்தப் பேண்டை விளையாட்டுக்கு நம்பவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

ரவுட்டரின் இன்னொரு பேண்டான 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும். அதைக் குறையாகச் சொல்வார்கள், ஆனால் நெரிசலான கட்டடத்தில் அதுதான் வரம். நம் அலை நம் வீட்டுக்குள் நிற்பது போல அவர்களுடையதும் அவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. முதலில் இரண்டு பேண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, லேப்டாப்பை 5-இல் இணைத்தோம். ஒரே பெயராக இருந்தபோது லேப்டாப் தன் இஷ்டத்துக்கு 2.4-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. இது மட்டுமே தாவல்களைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் முழுவதும் போகவில்லை.

காரணம் அகலம். 5-இல் ரவுட்டர் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்தது. 36, 40, 44, 48 என்ற நான்கு துண்டையும் ஒட்டி ஒரே சேனலாக்கினால் வேகம் கூடும். ஆனால் அந்த அகலத்தில் பேச நான்கும் ஒரே கணத்தில் காலியாக வேண்டும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும், அல்லது குறுகிக்கொள்ள வேண்டும். அதோடு ஓரத் துண்டுகளில் ரவுட்டரின் காதும் கொஞ்சம் மந்தம், மோதல் கூடும். அக்கம்பக்கத்தில் ஐந்து வீடுகள் இதே நான்கில் இருந்தன.

இந்தியாவில் 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் நிறைய இடம் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 100-ஐ ஒட்டிய சேனல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. சந்தோஷமாக அங்கே போனோம். அவை ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் இடம். ரேடார் போன்ற துடிப்பைக் கேட்டால் ரவுட்டர் உடனே சேனலை விட்டு விலகி, அரை மணி நேரம் திரும்பி வரக் கூடாது. புதிய சேனலும் அந்த வகை என்றால் ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்ட பிறகே பேசலாம். மும்பையில் விமான நிலையம் இருக்கிறது, வெராவலியில் வானிலைத் துறையின் சி-பேண்ட் ரேடாரும், அதாவது இந்தச் சேனல்களை ஒட்டிய அலைவரிசையில் இயங்கும் ரேடாரும், இருக்கிறது. உண்மையான ரேடாரா, தவறான எச்சரிக்கையா என்று தெரியாது, மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவே இணைப்பு ஒரு நிமிடம் காணாமல் போனது. படம் பார்க்க இந்தச் சேனல்கள் நல்லவை. போட்டி ஆட்டத்துக்கு வேண்டாம்.

கடைசியில் தங்கியது 165-இல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். 149 முதல் 161 வரையிலான நான்கும் சேர்ந்து ஒரு 80 தொகுப்பாகிவிடும். 165 அதற்கு வெளியே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் துண்டு. அகலத்துக்கு ஆசைப்படும் ரவுட்டர் எதுவும் சாதாரணமாக அங்கே வராது. சில பழைய கருவிகளுக்கு 165 தெரியாது, அதனால் முதலில் வீட்டுப் போன்கள் எல்லாம் இணைகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். வேகம் தொண்ணூறிலிருந்து எண்பத்து சொச்சத்துக்கு இறங்கியது. அக்காவின் பிளானே நூறு என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம், டிவி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கேபிள் வாங்கி அதை வைஃபையிலிருந்து விடுவித்தோம். நம் வீட்டு டிவியும் நம்முடன் அதே வரிசையில்தான் நிற்கிறது.

அன்று இரவு பத்து மணிக்கு அதே இருநூறு பிங் ஓட்டினோம். ஐம்பதைத் தாண்டியது ஒன்று. அதிகபட்சம் 61.