போனஸ், மிகை ஊதியம், கருணைத்தொகை: தீபாவளி அறிவிப்பில் எதை எங்கே எழுதுவது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். தலைப்பில் ‘தீபாவளி போனஸ்’ என்று இருக்கும். உள்ளே ஒரு வரியில் ‘ஊக்கத்தொகை’, அடுத்த வரியில் ‘வெகுமதி’, கடைசியில் ‘தீபாவளிப் பரிசு’ என்று மாறிக்கொண்டே போகும். எழுதியவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஒன்றல்ல. அவருக்கு எவ்வளவு வரும், வருமா வராதா என்பதையே அந்தச் சொற்கள்தான் தீர்மானிக்கின்றன.

போனஸ் என்பது லத்தீன் சொல். ‘நல்லது’ என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் பங்குச்சந்தைக்காரர்கள், பேசியதற்கு மேல் கைக்கு வந்த தொகையை இப்படிச் சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தின் வழியாக நம் ஆலைகளுக்கு வந்தபோதும் அதே பொருள்தான், முதலாளி விரும்பித் தரும் கூடுதல் பணம். முதல் உலகப் போர்க் காலத்தில் விலைவாசி ஏறியபோது, 1917-ல் பம்பாய்ப் பஞ்சாலைகள் கூலிக்கு மேல் 10 சதவீதம் ‘போர் போனஸ்’ கொடுத்தன. போர் முடிந்து சில ஆண்டுகளில் அதை நிறுத்தியதும் 1924-ல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதை விசாரித்த குழு, தொழிலாளர்கள் இதை உரிமையாகக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் தீர்ப்பாயங்களிலும் நீதிமன்றங்களிலும் இழுபட்டு, 1965-ல் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. அன்றிலிருந்து, சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில், போனஸ் முதலாளியின் மனம் சார்ந்த பணம் அல்ல. நட்டம் வந்த ஆண்டிலும் குறைந்தபட்ச போனஸ் உண்டு. முதலில் 4 சதவீதமாக இருந்தது, 1970-களில் 8.33 ஆக உயர்ந்தது. மேல் எல்லை 20 சதவீதம்.

அதென்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு அரசு ஆணைகளில் இருக்கும் சொல் ‘மிகை ஊதியம்’. பொங்கலுக்கு ‘சி’, ‘டி’ பிரிவு ஊழியர்களுக்கு அறிவிப்பதும் இதே பெயரில்தான். ‘மிகை’ என்றால் தேவைக்கு மேற்பட்டது என்ற வாடை அடிக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் இரண்டாம் பாதியை நான் விட மாட்டேன். ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்ற குறளில் ஊதியம் என்றால் ஆதாயம், இலாபம். பிற்காலத்தில்தான் அது சம்பளத்தைக் குறித்தது. இலாபத்தில் பங்காகவும் சம்பளத்தின் தொடர்ச்சியாகவும் இருக்கிற ஒரு தொகைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைப்பது கடினம். ‘பரிசு’, ‘வெகுமதி’ இரண்டும் கொடுப்பவரின் தயவைச் சொல்பவை. சட்டப்படி சேர வேண்டிய தொகைக்கு அந்தப் பெயரை வைப்பது தவறு. ‘ஊக்கத்தொகை’ வேலையின் அளவுக்கோ திறமைக்கோ தருவது. மாதாமாதம் உற்பத்தி இலக்கைத் தாண்டியதற்குத் தரும் பணத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ‘கருணைத்தொகை’ இருக்கிறது. சட்டம் கேட்காமலே நிறுவனம் தருவது. இந்தப் பிரிவை மிகத் தெளிவாகப் பார்க்க, தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் தீபாவளி அறிவிப்பைப் படித்தால் போதும். 20 சதவீதம் என்று செய்தி வரும். உள்ளே 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று பிரித்திருப்பார்கள். அதிகபட்சம் 16,800 ரூபாய் என்ற எண்ணும் அங்கே வரும். மாதம் 7,000 ரூபாயை அடிப்படையாக எடுத்து, பன்னிரண்டு மாதத்துக்கு 84,000, அதில் 20 சதவீதம் 16,800.

அந்த 7,000 தான் பலரைக் குழப்புகிற இடம். 1965 சட்டத்தில் இரண்டு வரம்புகள் இருந்தன. ஒன்று, யாருக்கு உண்டு என்பதற்கான வரம்பு. 2015 திருத்தப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர்கள். இன்னொன்று, எந்தத் தொகையின் மேல் கணக்கிடுவது என்பதற்கான வரம்பு. 7,000 ரூபாய், அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அது. இரண்டிலுமே சம்பளம் என்பது அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம் எதுவும் சேரவில்லை. மொத்தச் சம்பளம் 23,000 வாங்குகிறவர், ‘எனக்குக் கிடையாது’ என்று அவராகவே ஒதுங்கிவிடுகிறார். அவருடைய அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000 தான் என்றால் அவருக்கும் உண்டு.

நடுவில் சேர்ந்தவர் விஷயத்துக்கு வருவோம். போனஸ் தீபாவளிக்குக் கொடுக்கப்படுகிறதே தவிர, தீபாவளியிலிருந்து தீபாவளி வரை கணக்கிடப்படுவதில்லை. கணக்காண்டு பெரும்பாலும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31. அது முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தீபாவளி அதற்குள் வந்துவிடுவதால் பண்டிகையோடு சேர்ந்துகொண்டது. 2025 அக்டோபர் 20 தீபாவளிக்குக் கொடுத்தது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த வேலைக்கான போனஸ்.

தகுதிக்கு ஓராண்டு சேவை வேண்டும் என்று பல அறிவிப்புகளில் பார்க்கிறேன். சட்டம் கேட்பது அந்தக் கணக்காண்டில் 30 வேலை நாட்கள், அவ்வளவுதான். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரும் தற்காலிகப் பணியாளரும் இதில் வருவார்கள். சட்டம் வெளியே வைத்திருப்பது தொழில் பழகுநர்களை. மோசடி, திருட்டு, வன்முறை போன்ற காரணத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரும் உரிமையை இழப்பார்.

கோவையில் வார விடுமுறை ஞாயிறு மட்டும் உள்ள ஒரு பம்ப்செட் பட்டறையில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூவருக்கும் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 16,000. அந்தத் தொழிலின் குறைந்தபட்ச ஊதியம் 13,000 என்று கொள்வோம். ஆகவே கணக்கு 13,000-ன் மேல். ஆண்டு முழுதும் வேலை செய்த ஒருவருக்கு 1,56,000-ல் 8.33 சதவீதம், 12,995 ரூபாய்.

முதலாமவர் 2024 செப்டம்பர் 16-ல் சேர்ந்தவர். மார்ச் வரை ஆறரை மாதம். 84,500 ரூபாயில் 8.33 சதவீதம், 7,039 ரூபாய். இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்கள் கழியும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் பேறுகால விடுப்பும் வேலை செய்த நாட்களாகவே சேரும்.

இரண்டாமவர் 2025 பிப்ரவரி 24, திங்கட்கிழமை சேர்ந்தவர். மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை. மார்ச் 29 வரை ஞாயிறுகளைத் தள்ளி எண்ணினால் சரியாக 30 நாள். ஒரு நாளும் தவறாமல் வந்திருந்தால் தகுதி உண்டு. அதே வாரம் வியாழக்கிழமை சேர்ந்திருந்தால் 27 நாள்தான், தகுதி இல்லை. இந்த இடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணியே ஆக வேண்டும். சேர்ந்த தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தகராறு வரும்.

மூன்றாமவர் 2025 மே மாதம் சேர்ந்தவர். தீபாவளியன்று ஐந்து மாதமாக வேலையில் இருக்கிறார். ஆனால் 2024-25 கணக்கில் அவர் இல்லை, போனஸ் பூஜ்யம். மார்ச்சில் விலகிப்போன ஒருவருக்கோ, தீபாவளியன்று பணியில் இல்லாவிட்டாலும், அவர் வேலை செய்த காலத்துக்கு உண்டு. பலருக்கு இது தலைகீழாகத் தெரியும், ஆனால் கணக்காண்டை மனத்தில் வைத்தால் புரிந்துவிடும்.

மே மாதம் சேர்ந்தவரைப் பண்டிகைக்கு வெறுங்கையோடு அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. 3,000 ரூபாய் கொடுப்பார்கள். அறிவிப்பில் அதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த ஆண்டுச் சண்டை இருக்கிறது. ‘போனஸ்’ என்று எழுதினால், அடுத்த தீபாவளிக்கு 2025-26 போனஸில் அந்த 3,000-ஐக் கழிக்க வருவார்கள். முன்கூட்டிக் கொடுத்த போனஸையும், வழக்கமாகக் கொடுத்துவரும் பூஜை போனஸ் போன்றவற்றையும் கழித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. கொடுக்கும்போது அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், தொழிலாளி அதைத் தனிப் பணமாகத்தான் நினைத்திருப்பார். கழிக்கப்போவதில்லை என்றால் ‘கருணைத்தொகை’, கழிக்கப்போகிறோம் என்றால் ‘மிகை ஊதிய முன்பணம்’. இரண்டில் ஒன்றை எழுதிவிட வேண்டும்.

ஆக, அந்தப் பட்டறையின் பலகையில் ஒட்டியிருக்க வேண்டிய தாள் ஏறக்குறைய இப்படி:

> 1-4-2024 முதல் 31-3-2025 வரையிலான கணக்காண்டுக்கு 8.33 விழுக்காடு மிகை ஊதியம் (போனஸ்) வழங்கப்படும். இந்த ஆண்டில் குறைந்தது 30 வேலை நாட்கள் பணிபுரிந்த, அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ரூ.21,000-க்கு மேற்படாத அனைவரும் தகுதியுடையவர். கணக்கீட்டுக்கு மாதம் ரூ.13,000 அடிப்படையாகக் கொள்ளப்படும். ஆண்டின் இடையில் சேர்ந்தோருக்கும் விலகியோருக்கும் பணிபுரிந்த காலத்துக்கு ஏற்ப வழங்கப்படும். 1-4-2025 அன்றோ அதற்குப் பின்னரோ சேர்ந்தோருக்கு ரூ.3,000 கருணைத்தொகையாக வழங்கப்படும். இது பின்னர் எந்த மிகை ஊதியத்திலும் கழிக்கப்படாது.

அடைப்புக்குள் ‘போனஸ்’ என்று விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. படிப்பவர் எல்லோருக்கும் தெரிந்த சொல் அதுதான். அறிவிப்பின் வேலை புரியவைப்பது. அடுத்த சில ஆண்டுகளுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

பழைய தாளை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. 1965 சட்டம் இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது, அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 30 நாள், 8.33, 20 என்ற மூன்றும் அப்படியே தொடர்கின்றன. ஆனால் ஊதிய வரம்பைத் தொகுப்பிலேயே எழுதாமல் அரசு அறிவிக்கைக்கு விட்டிருக்கிறார்கள். ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கான வரையறையும் மாறிவிட்டது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளைப் பெருக்கி வைத்திருக்கும் நிறுவனங்களில் கணக்கின் முதல் வரியே மாறும். 21,000 என்று அச்சடிக்கும் முன் நடப்பு அறிவிக்கையைப் பார்த்துவிடுங்கள்.