மார்ச்சில் நஷ்டத்துக்கு விற்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

மார்ச் கடைசி வாரம் வந்தால் போதும், டீமேட் கணக்கில் சிவப்பில் தெரிவதையெல்லாம் விற்றுத் தள்ளுகிறார்கள். ஏப்ரலில் வந்து, "நஷ்டத்தை புக் பண்ணிட்டேன் சார், வரி எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகியிருக்காது. சிலர் அடுத்த ஆண்டு கூடுதலாகக் கட்டப்போகும் வரிக்கு அன்றே விதை போட்டிருப்பார்கள். விற்பதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது.

கீழே உள்ளதெல்லாம் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கும் ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் 2025-26 நிதியாண்டில் உள்ள நிலவரம். ஓராண்டு வரை வைத்திருந்து விற்றால் குறுகிய கால ஆதாயம், வரி 20%. ஓராண்டைத் தாண்டினால் நீண்ட கால ஆதாயம், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. செஸ் 4% தனி, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை ஆதாயத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். சம்பளத்தில் எதையும் கழிக்க முடியாது. "கொஞ்சமாவது கழிக்க வழியில்லையா?" என்று இதற்கு மேலும் கேட்காதீர்கள், இல்லை.

இப்போது என் பொறுமையைச் சோதிக்கும் தப்பெண்ணத்துக்கு வருகிறேன். முதலில் 1.25 லட்சம் விலக்கு போகும், மிச்சமிருக்கும் ஆதாயத்தில்தான் நஷ்டம் கழியும் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். முதலில் நஷ்டம் கழியும். எஞ்சி நிற்கும் ஆதாயத்துக்குத்தான் 1.25 லட்சம் விலக்கு. நஷ்டத்தை எப்போது பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. இந்த ஆண்டு நஷ்டம் இந்த ஆண்டு ஆதாயத்தில் கட்டாயமாகக் கழியும். "இதை அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கிறேன்" என்று எடுத்து வைக்க முடியாது.

ஒருவருக்கு இந்த ஆண்டு நீண்ட கால ஆதாயம் 1,20,000 ரூபாய், வேறு ஆதாயம் எதுவும் இல்லை என்று வையுங்கள். அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அவர் மார்ச்சில் பயந்துபோய், இரண்டு ஆண்டு பழைய பங்கு ஒன்றை 90,000 ரூபாய் நஷ்டத்தில் விற்கிறார். ஆதாயம் 30,000 ஆகிறது. வரி? அப்போதும் பூஜ்யம்தான். 90,000 ரூபாய் நஷ்டம் போன இடம் தெரியவில்லை, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் மிச்சம் இல்லை. அதே பங்கைக் குறைந்த விலையில் திரும்ப வாங்கியிருந்தால் அவருடைய அடக்க விலையும் 90,000 இறங்கிவிட்டது. பங்கு பழைய விலைக்கு மீண்டு வரும்போது, சும்மா இருந்திருந்தால் ஆதாயமே இல்லாத இடத்தில் இப்போது 90,000 ஆதாயம் நிற்கும். அந்த ஆண்டின் விலக்கு ஏற்கெனவே தீர்ந்திருந்தால் அதற்கு வரி 11,250 ரூபாய். சல்லிக்காசு வரி இல்லாத இடத்தில் வரியைச் சேமிக்கப் போனதற்கான விலை அது.

இன்னொருவருக்கு நீண்ட கால ஆதாயம் 2,00,000, கையில் அதே 90,000 நஷ்டம். விலக்குக்கு மேல் நிற்பது 75,000 மட்டுமே. அவர் 75,000 நஷ்டம் வரும் அளவுக்குப் பங்குகளை விற்றால் போதும், 9,375 ரூபாய் மிச்சம். மீதி 15,000 நஷ்டத்தையும் சேர்த்து விற்றால் அது வீண். மொத்தமாக விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, தேவையான எண்ணிக்கையை மட்டும் விற்கலாமே! முந்தைய ஆண்டுகளிலிருந்து கொண்டுவந்த நஷ்டம் இருந்தால் அதுவும் விலக்குக்கு முன்பே கழியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படி ஏற்கெனவே ஒரு லட்சம் நிற்கும்போது புதிதாக எதற்கு நஷ்டம் தேடுகிறீர்கள்?

(நீண்ட கால ஆதாயம் நாற்பதாயிரத்தோடு நிற்கிறது, வேறு எதுவும் இல்லை என்றால் நீங்கள் செய்ய வேண்டியது நேர்மாறானது. லாபத்தில் இருக்கும் பழைய பங்கில் இன்னும் 85,000 லாபம் வரும் அளவுக்கு விற்று, மறுநாள் திரும்ப வாங்கி, அடக்க விலையை வரியில்லாமல் ஏற்றிக்கொள்ளுங்கள். இதை ஏனோ யாரும் கேட்பதில்லை.)

இரண்டாவது சறுக்கல் திரும்ப வாங்குவதில் இருக்கிறது. அமெரிக்காவில் நஷ்டத்துக்கு விற்று, முன்னும் பின்னும் 30 நாளுக்குள் அதே பங்கை வாங்கினால் அந்த நஷ்டம் செல்லாது. இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை, மறுநாளே வாங்கலாம். ஆனால் வாங்கிய தேதி புதிதாகத் தொடங்குகிறது. இதை மறந்தவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்கு. 2025 ஆகஸ்டில் ஒருவர் 400 பங்குகளை, ஒன்று 750 ரூபாய்க்கு வாங்கினார். 2026 மார்ச்சில் விலை 550. விற்றால் 80,000 குறுகிய கால நஷ்டம். அந்த ஆண்டில் அவருக்கு இருப்பது 3,25,000 நீண்ட கால ஆதாயம் மட்டும். விலக்கு போக 2,00,000-க்கு வரி 25,000 வர வேண்டியது. நஷ்டத்தைக் கழித்ததும் 15,000 ஆகிறது. பத்தாயிரம் மிச்சம் என்று சந்தோஷம். மறுநாள் 550-க்கே 400 பங்குகளையும் திரும்ப வாங்கிவிடுகிறார்.

2026 நவம்பரில் விலை 750-க்குத் திரும்பிவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறார். மார்ச்சில் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் 750-க்கு வாங்கி 750-க்கு விற்றதாகியிருக்கும், வரி இல்லை. இப்போதோ 80,000 லாபம், அதுவும் எட்டே மாதத்தில், எனவே குறுகிய காலம்: வரி 16,000. பத்தாயிரம் மிச்சப்படுத்தப் போய்ப் பதினாறாயிரம் கட்டியாகிவிட்டது. மார்ச்சில் விற்று வாங்கிய செலவு தனி: பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி விற்றபோது 220, வாங்கியபோது 220, முத்திரைத் தீர்வை 33, அதற்கு மேல் டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறும்போது பிடிக்கும் டிபி கட்டணம், புரோக்கரேஜ். எஸ்டிடியை ஆதாயத்திலிருந்து கழிக்கவும் முடியாது.

இதே மனிதருக்கு அந்த ஆண்டு இருந்தது குறுகிய கால ஆதாயம் என்றால் 80,000 நஷ்டம் 20% வரியை வெட்டியிருக்கும், மிச்சம் 16,000. திரும்ப வாங்கியதை ஓராண்டு தாண்டி வைத்திருந்து அதே 750-க்கு விற்றால் வரி அதிகபட்சம் 10,000, விலக்குக்குள் அடங்கினால் அதுவும் இல்லை. உண்மையான பலன் இந்த விகித வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மற்றபடி இது வரியைத் தள்ளிப்போடுவது, அழிப்பது அல்ல. ஆகவே திரும்ப வாங்கும் பங்கை ஓராண்டு தொட மாட்டேன் என்ற உறுதி இல்லாவிட்டால், 12.5% ஆதாயத்துக்கு எதிராகக் குறுகிய கால நஷ்டத்தைச் செலவழிக்காதீர்கள். இரண்டு வகை ஆதாயமும் இருந்தால் குறுகிய கால நஷ்டம் முதலில் குறுகிய கால ஆதாயத்தில்தான் கழியும், படிவத்தின் வரிசையே அப்படி. பதினோரு மாதமாக நஷ்டத்தில் கிடக்கும் பங்கை விற்பதாக முடிவு செய்துவிட்டால் பன்னிரண்டு மாதம் முடியும் முன் விற்றுவிடுங்கள். அதைத் தாண்டினால் நீண்ட கால நஷ்டமாக மாறி, பாதி உபயோகம் போய்விடும்.

மூன்றாவது, ஒரே நாளில் விற்று வாங்குவது. காலை பத்து மணிக்கு விற்று, பத்தரை மணிக்கு அதே எண்ணிக்கையை வாங்கினால் பங்கு டீமேட்டை விட்டு வெளியே போகவே இல்லை. அது இன்ட்ராடே வியாபாரம். அரை மணி நேரத்து விலை வித்தியாசம் மட்டும் ஊக வணிகக் கணக்கில் ஏறும், பழைய நஷ்டம் அப்படியே டீமேட்டில் உட்கார்ந்திருக்கும். காண்ட்ராக்ட் நோட்டைப் பார்த்தால் தெரியும். டெலிவரி விற்பனைக்குரிய எஸ்டிடியும் அதில் பிடித்திருக்காது. இன்று விற்று நாளை வாங்குங்கள். ஒரு நாள் விலை ஏறிவிடுமோ என்று பயந்தால் முதலில் வாங்குங்கள், அது டீமேட்டுக்கு வந்தபின் பழைய எண்ணிக்கையை விற்கலாம். முதலில் வந்தது முதலில் போகும் என்ற கணக்குப்படி பழையதுதான் வெளியேறும், பணம் மட்டும் இரண்டு நாளுக்குக் கூடுதலாகத் தேவை.

அந்த 'முதலில் வந்தது' விதியே சிலரை மாட்டிவிடும். 2019-ல் 300 ரூபாய்க்கும் 2025-ல் 750-க்கும் ஒரே டீமேட்டில் வாங்கியவர், 550-க்கு விற்றால் நஷ்டம் வரும் என்று நம்புகிறார். வெளியேறுவது 300 ரூபாய்ப் பங்கு, வருவது லாபம்! எஸ்ஐபி போடுபவர்களுக்கும் இதேதான். ஒவ்வொரு தவணைக்கும் வாங்கிய தேதி தனி, போகும் வரிசை பழையதிலிருந்து. ஆப் காட்டும் சராசரி விலையை வைத்து வரி போடுவதில்லை. ஃபண்டை விற்கும் முன், சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போனஸ் அறிவிப்பைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒன்று. போனஸ் யாருக்கு என்று தீர்மானிக்கும் ரெக்கார்ட் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, போனஸ் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, மூலப் பங்கை அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் நஷ்டத்தில் விற்றால் அந்த நஷ்டம் கணக்கில் வராது, போனஸ் பங்கின் அடக்க விலையாகப் போய்ச் சேரும். முன்பு ஃபண்டு யூனிட்டுகளுக்கு மட்டும் இருந்த இந்த விதி, 2022 ஏப்ரல் முதல் பங்குகளுக்கும் உண்டு. தெரிந்தவருடன் பேசிவைத்து, விலையை ஏற்பாடு செய்து நஷ்டம் உருவாக்குவது இன்னொரு ரகம். அதற்கு வருமான வரித்துறை மட்டுமல்ல, செபியும் வரும்.

கடைசியாக ரிட்டர்ன். தயவுசெய்து, இதை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். இந்த ஆண்டில் கழியாமல் மிஞ்சிய நஷ்டத்தை அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான். தணிக்கை தேவைப்படாத சம்பளக்காரருக்கு அது வழக்கமாக ஜூலை 31, அரசு நீட்டித்தால் நீட்டித்த தேதி. தாமத ரிட்டர்னில் அதே ஆண்டின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளத் தடையில்லை, எடுத்துச் செல்லும் உரிமைதான் போகும். சுலபம் என்று ஐடிஆர்-1 போடாதீர்கள், நஷ்டத்தை எடுத்துச் செல்ல அதில் இடமே இல்லை. வியாபார வருமானம் இல்லாதவர்கள் ஐடிஆர்-2 போட வேண்டும். அனுப்பும் முன், எடுத்துச் செல்லும் நஷ்டத்தைக் காட்டும் 'ஷெட்யூல் சிஎஃப்எல்' பக்கத்தைத் திறந்து, குறுகிய காலம், நீண்ட காலம் என்ற இரண்டு கட்டங்களிலும் உங்கள் தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியபின் முப்பது நாளுக்குள் இ-வெரிஃபை செய்யுங்கள். அதைத் தவறவிட்டால் வெரிஃபை செய்த நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாளாகக் கணக்காகும், ஜூலையில் போட்ட ரிட்டர்ன் செப்டம்பரில் போட்டதாகிவிடும்.