கிர்க்காஃப் சமன்பாடுகள்: தீர்க்க உட்காரும் முன் குறிகளைப் பாருங்கள்

I₁ = −18 ஆம்பியர், I₂ = 21 ஆம்பியர், I₃ = 3 ஆம்பியர். ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, மூன்று மின்தடைகள், அவ்வளவுதான் உள்ள ஒரு சுற்றுக்குக் கிடைத்த விடை இது. எழுதி வைத்த மூன்று சமன்பாடுகளிலும் இந்த எண்களைப் போட்டுப் பாருங்கள், மூன்றும் கச்சிதமாகப் பொருந்தும். கூட்டலில், கழித்தலில் எங்கும் பிழை கிடையாது. ஆனாலும் விடை முழுக்கத் தப்பு. உண்மையான மதிப்புகள் 2, −1, 1 ஆம்பியர்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு மைனஸ் குறி. விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்ப்பதால் அது பிடிபடாது. தப்பான சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்திருக்கிறோம் என்பதை மட்டுமே அந்தச் சோதனை சொல்லும். குறிகளைப் பார்க்க வேண்டிய நேரம் அதற்கு முன்பு, சமன்பாடுகளை எழுதி முடித்துத் தீர்க்கத் தொடங்காத அந்த இடைவெளியில்.

சுற்றை வரைந்துகொள்வோம். மேலே A என்று ஒரு சந்தி, கீழே B என்று ஒரு சந்தி, இரண்டையும் இணைக்க மூன்று கிளைகள். இடது கிளையில் 12 வோல்ட் பேட்டரியும் 1 ஓம் மின்தடையும். நடுக் கிளையில் 10 ஓம் மட்டும். வலது கிளையில் 9 வோல்ட் பேட்டரியும் 1 ஓம் மின்தடையும். இரண்டு பேட்டரிகளின் பிளஸ் முனையும் மேலே A பக்கம் இருக்கிறது. இனி அம்புகள்: I₁ இடது கிளையில் மேல்நோக்கி, I₂ வலது கிளையில் மேல்நோக்கி, I₃ நடுவில் கீழ்நோக்கி. அம்பு வெறும் ஊகம்தான், தப்பாக ஊகித்தாலும் கெடுதல் இல்லை, அந்த மின்னோட்டம் மைனஸ் குறியோடு வரும், அவ்வளவே. ஆனால் ஒருமுறை போட்ட அம்பைக் கணக்கு முடியும்வரை தொடக்கூடாது. படத்தில் அம்பை அழித்துத் திருப்பிவிட்டு, எழுதிய சமன்பாட்டை அப்படியே விட்டுவிடுவது கைத்தாளில் அடிக்கடி நடக்கும் விபத்து.

சந்தி விதி எளிது. சந்தியில் மின்னூட்டம் தேங்காது, வந்தது எல்லாம் போயாக வேண்டும். உள்ளே வருவதைப் பிளஸ், வெளியே போவதை மைனஸ் என்று வைத்தால், A சந்தியில்:

I₁ + I₂ − I₃ = 0

B சந்திக்கும் எழுதலாம். ஆனால் அங்கே இதே சமன்பாடுதான் எல்லாக் குறிகளும் மாறி வரும். அப்படி வருகிறதா என்று பார்ப்பது அம்புகளைச் சரிபார்க்க உதவும். புதுச் சமன்பாடாக அதைக் கணக்கில் சேர்த்தால் கடைசியில் 0 = 0 என்று முட்டி நிற்போம்.

சிக்கல் லூப் விதியில்தான் இருக்கிறது. 1845ல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த குஸ்டாவ் கிர்க்காஃப் இந்த இரு விதிகளையும் தந்தபோது அவருக்கு வயது 21. லூப் விதி சொல்வது இதுதான்: மூடிய பாதையில் ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பினால், வழியில் சந்தித்த மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை சுழி. நடக்கும்போது ஒவ்வொரு உறுப்பிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஆனால் பேட்டரிக்கு ஒரு கேள்வி, மின்தடைக்கு வேறொரு கேள்வி.

பேட்டரியிடம் கேட்பது: மைனஸ் முனையில் நுழைந்து பிளஸ் முனையில் வெளியே வருகிறேனா? ஆம் என்றால் +E, இல்லையென்றால் −E. அதன் வழியே மின்னோட்டம் எந்தத் திசையில் போகிறது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. அந்த பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தாலும் குறி மாறாது.

மின்தடையிடம் கேட்பது: என் நடையும் நான் போட்ட அம்பும் ஒரே திசையா? ஆம் என்றால் −IR, எதிர்த்திசை என்றால் +IR. பக்கத்தில் இருக்கும் பேட்டரியின் முனைகள் எப்படி இருந்தாலும் இங்கே அதற்கு வேலை இல்லை. குறிப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

இப்போது இடது லூப்பில் கடிகார முள் திசையில் நடப்போம். B-யில் புறப்பட்டு இடது கிளையில் ஏறினால் பேட்டரியில் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகிறோம், +12. 1 ஓமில் அம்போடு சேர்ந்து நடக்கிறோம், −I₁. A-யைத் தாண்டி நடுவே இறங்கினால் அம்பும் கீழ்நோக்கித்தான், −10I₃.

12 − I₁ − 10I₃ = 0

வலது லூப்பிலும் அதே கடிகார முள் திசை. B-யிலிருந்து நடுக் கிளையில் ஏறுகிறோம், அம்பு இறங்குகிறது, ஆகவே +10I₃. A-யைத் தாண்டி வலது கிளையில் இறங்குகிறோம், I₂ அம்போ மேல்நோக்கி, ஆகவே +I₂. பேட்டரியில் பிளஸில் நுழைந்து மைனஸில் வெளியேறுகிறோம், −9.

10I₃ + I₂ − 9 = 0

முதலில் சொன்ன அந்தத் தப்பு விடை பிறந்தது இங்கேதான். +I₂ என்று வர வேண்டிய இடத்தில் −I₂ என்று எழுதினால் போதும். ‘மின்தடையில் மின்னழுத்தம் குறையும்’ என்று மனப்பாடம் செய்தவரின் கை தானாக மைனஸ் போடும். மின்னோட்டத்தின் திசையில் போனால்தான் குறையும், எதிர்த்துப் போனால் ஏறும் என்ற மீதிப் பாதி நினைவில் இருக்காது.

தீர்ப்பதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி வெளி லூப். நடுக் கிளையைத் தொடாமல் இடது கிளையில் ஏறி வலது கிளையில் இறங்கும் பெரிய லூப்புக்கும் ஒரு சமன்பாடு எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியதைப் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்து:

12 − I₁ + I₂ − 9 = 0

இனி முன்பு எழுதிய இரண்டு லூப் சமன்பாடுகளையும் கூட்டுங்கள். இரண்டிலும் ஒரே திசையில் நடந்திருப்பதால், நடுக் கிளையில் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறியிருக்கிறோம். −10I₃-ம் +10I₃-ம் அடிபட்டுப்போக வேண்டும். போகவில்லை என்றால் பிழை நடுக் கிளையில். போய்விட்டால், மிச்சம் இருப்பது வெளி லூப் சமன்பாட்டோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போக வேண்டும். பிழையான தாளில் கூட்டினால் 12 − I₁ − I₂ − 9 = 0 என்று வரும். வெளி லூப்பில் +I₂, இங்கே −I₂. எந்தக் கிளையில் எந்த உறுப்பு என்பதுவரை பிழை தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது, இன்னும் ஒரு மதிப்பைக்கூடக் கணக்கிடவில்லை.

வெளி லூப் எழுதச் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. நடுவில் இருக்கும் 10 ஓமைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது I₃ இல்லை, ஆகவே I₂ = −I₁. 12 வோல்ட் பேட்டரி மீதமுள்ள 2 ஓம் வழியே 9 வோல்ட் பேட்டரிக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும், 3 வோல்ட் வித்தியாசத்துக்கு 1.5 ஆம்பியர். சரியான சமன்பாட்டில் போட்டால் 3 − 2I₁ = 0, அதே 1.5 வருகிறது. பிழையான சமன்பாட்டில் I₁-ம் I₂-ம் ஒன்றையொன்று அடித்துவிட, 3 = 0 என்று மிஞ்சுகிறது. இயற்பியல் தெரியாதவருக்கும் இது உறுத்தும்.

ஆனால் வெளி லூப் சோதனை பிடிக்காத ஒரு பிழை இருக்கிறது, நம் மாணவர்களிடம் அது சகஜம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ பாடநூல் லூப் விதியை வேறு வடிவில் தருகிறது: IR பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை ஒரு பக்கம், மின்னியக்கு விசைகளின் கூட்டுத்தொகை மறுபக்கம். அங்கே அம்போடு நடந்தால் IR பிளஸ், பேட்டரியில் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போனால் E-யும் பிளஸ். சமக்குறிக்கு இருபுறமும் இருப்பதால் அது முழுக்கச் சரி. அதையே நினைவில் வைத்துக்கொண்டு, டியூஷனில் கற்ற ‘எல்லாம் கூட்டினால் சுழி’ வடிவில் எழுதும்போதுதான் வம்பு. இடது லூப் இப்படி ஆகிவிடும்:

12 + I₁ + 10I₃ = 0

எல்லா லூப்பிலும் ஒரே மாதிரி இந்தத் தப்பைச் செய்தால் வெளி லூப்பிலும் அதே தப்பு வரும், கூட்டிப் பார்த்தாலும் ஒத்துப்போகும். தீர்த்தால் −2, +1, −1 கிடைக்கும். அளவுகள் எல்லாம் சரி, குறிகள் எல்லாம் தலைகீழ். கண்ணுக்கு நல்ல விடைபோல் இருப்பதால் இது கூடுதல் ஆபத்தானது.

இதைப் பிடிக்க, ஒரே ஒரு பேட்டரி உள்ள லூப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். நம் படத்தில் இடது லூப். அதன் அம்புகள் எல்லாம் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பி மைனஸ் முனைக்குத் திரும்புகின்றன. அப்படியானால் சமக்குறிக்கு ஒரே பக்கத்தில் பேட்டரி ஒரு குறியும் மின்தடைகள் எல்லாம் எதிர்க்குறியும் பெற்றாக வேண்டும். 12, I₁, 10I₃ மூன்றுக்கும் பிளஸ் என்றால், மூன்று நேர் எண்களைக் கூட்டிச் சுழியை எதிர்பார்க்கிறோம் என்று பொருள். படத்தைப் பார்த்தாலே தெரியும்: இரண்டு பேட்டரிகளின் பிளஸ் முனையும் A பக்கம் இருக்கும்போது, 10 ஓமில் மின்னோட்டம் கீழிருந்து மேலே ஏற வழியே இல்லை.

தீர்த்த பிறகு செய்யத் தகுந்த சோதனை ஒன்றுதான், திறன் கணக்கு. அதில் லூப் சமன்பாடுகளின் குறி எதுவும் நுழைவதில்லை. பேட்டரிகள் தருவது E × I, அம்பு பிளஸ் முனை வழியே வெளியேறும்படி இருந்தால். மின்தடைகள் தின்பது I²R. சரியான விடைக்கு 12 × 2 = 24 வாட், 9 × (−1) = −9 வாட், மொத்தம் 15. மின்தடைகளில் 4 + 1 + 10, அதுவும் 15. தலைகீழ்க் குறி விடைக்குப் பேட்டரிகள் தருவது −15, மின்தடைகள் தின்பது +15. −18, 21, 3 என்ற விடைக்கோ பேட்டரிகள் மொத்தத்தில் 27 வாட்டை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, அதே நேரம் மின்தடைகள் 855 வாட் வெப்பம் கக்குகின்றன.

கடைசியாக, சரியான விடையில் வந்த I₂ = −1. அந்த மைனஸைப் பார்த்ததும் அம்பைத் திருப்பி +1 என்று மாற்றிக்கொண்டு கணக்கைத் தொடரக் கை பரபரக்கும். 10I₃ + I₂ − 9 என்ற வரியில் −1 போட்டால்தான் 10 − 1 − 9 = 0 ஆகும், +1 போட்டால் 2 என்று நிற்கும். அம்பு அப்படியே இருக்கட்டும். விடை எழுதும் வரியில் மட்டும், வலது கிளையில் 1 ஆம்பியர் கீழ்நோக்கிப் பாய்கிறது, 9 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது, A, B இடையே மின்னழுத்தம் 10 வோல்ட் என்று எழுதினால் போதும். அந்த 10 வோல்ட் மூன்று கிளைகள் வழியாகவும் தனித்தனியே வரும்: இடதில் 12 − 2, நடுவில் 10 × 1, வலதில் 9 + 1.