செலவு ரூபாயில்தானே என்று சேமிப்பு முழுவதையும் ரூபாயாக்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து ஓய்வுபெற்று வன்னிக்குத் திரும்பி வருகிறவர்கள் என்னிடம் கணக்குப் பார்க்க வரும்போது, பெரும்பாலும் முடிவை எடுத்துவிட்டே வருகிறார்கள். வீட்டைக் கட்டி முடித்து, இருபது முப்பது வருட உழைப்பை ஒரே நாளில் ரூபாயாக மாற்றி, நிலையான வைப்பில் போட்டபின் "சரிதானே?" என்று கேட்பார்கள். 2022ஐக் கண்ட பிறகும் இது நிற்கவில்லை. அண்மையில் வந்த ஒருவர் நல்லவேளையாகப் பணத்தை மாற்றுவதற்கு முன்பே வந்தார் என்பதால், அவருடைய கணக்கை, அடையாளம் தெரியாதபடி சிறிது மாற்றி, இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு 62 வயது. பிரித்தானியாவிலிருந்து மனைவியுடன் பரந்தன் பக்கம் வந்து குடியேறுகிறார். சொந்த வீடும் இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. சேமிப்பு 120,000 பவுண். கணக்கு எளிதாக இருப்பதற்காகப் பவுண் 400 ரூபாய் என்று வைத்தால் 480 இலட்சம் ரூபாய். மாதச் செலவு இரண்டு இலட்சம், அதாவது ஆண்டுக்கு 24 இலட்சம். அவருடைய வாதம் ஒரு வரியில் அடங்கிவிட்டது: "நான் இனிப் பவுணில் எதையும் வாங்கப்போவதில்லை, பிறகு பவுண் எதற்கு? இங்கே வட்டியும் கூட."

முதற்பாதி பிழையல்ல. எந்த நாணயத்தில் செலவோ அந்த நாணயத்தில் சேமிப்பு என்பது ஓய்வூதியக் கணக்கின் அடிப்படை விதிதான். ஆனால் அந்த விதி, செலவு நாணயத்தின் பெறுமதி ஓரளவு நிலையாக இருக்கும் என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. ரூபாயில் விலை எழுதியிருப்பதால் ஒரு பொருள் ரூபாய்ப் பொருள் ஆகிவிடாது. அவருடைய செலவுக் கொப்பியை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தோம். அரிசி, மரக்கறி, கூலி, கோவில், கொண்டாட்டம் ஆகியவை பெரும்பாலும் உள்ளூர் விலையில் நகர்பவை. மருந்து, பால்மா, பெற்றோல், பசளை, வாகன உதிரிப்பாகம் ஆகியவற்றுக்கு ரூபாயில் பணம் கொடுத்தாலும், விலையைத் தீர்மானிப்பது டொலர். நீர்ப்பம்பிக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாய்க்கு ஏறியதை இங்கே எந்த விவசாயியும் மறந்திருக்க மாட்டார். அவருடைய செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவானது இந்த இரண்டாவது வகை. வயது கூடக் கூட மருந்துச் செலவு ஏறுவதால் அந்தப் பங்கும் கூடும்.

வட்டி பற்றிய மயக்கம்தான் எனக்கு மிகுந்த எரிச்சலை ஊட்டுவது. 2000ஆம் ஆண்டில் டொலர் 80 ரூபாய்க்கும் குறைவு. 2025இல் ஏறத்தாழ 300. அதாவது கால் நூற்றாண்டில் டொலரின் விலை ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தரை சதவீதம் ஏறியிருக்கிறது. இங்கே வங்கி கூடுதலாகத் தருகிற வட்டியின் பெரும்பகுதி, ரூபாய் தேய்வதற்கான முற்கூட்டிய நட்டஈடே தவிர இலாபமல்ல. அதையும் எடுத்துச் செலவழித்து, முதல் அப்படியே இருக்கிறது என்று மகிழ்கிறவர் உண்மையில் ஆண்டுதோறும் முதலைத் தின்றுகொண்டிருக்கிறார். தேய்வு ஒழுங்காக ஆண்டுக்கு ஐந்தரை என்று வருவதுமில்லை. 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டி, மே மாதத்தில் 360 ஆனது; செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2021இல் ஒரு இலட்சம் டொலரை இரண்டு கோடி ரூபாயாக மாற்றியவரின் கையில், ஓராண்டு கழித்து, 55,000 டொலருக்குரிய பணமே மிஞ்சியது.

அப்படியானால் எல்லாவற்றையும் பவுணிலேயே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. 2022இல் 360 ஆக இருந்த டொலர் 2024இல் 300 அளவுக்கு இறங்கியது. கடைவிலைகள் அதே அளவுக்கு இறங்கவில்லை. அந்த இடைவெளியில், வெளிநாட்டுப் பணத்தை மாதாமாதம் மாற்றி உண்டவருக்கு ஒவ்வொரு மாதமும் கைக்கு வந்தது குறைவு. ரூபாய்ப் பங்கு தேவைப்படுவது இந்தக் காலத்தைக் கடப்பதற்குத்தான்: மாற்றுவீதம் பாதகமாக இருக்கும்போது மாற்றாமல் காத்திருக்க இடம் வேண்டும்.

இனி அவருடைய கணக்கு. பிரித்தானிய அரச ஓய்வூதியம் அவருக்கு 67 வயதில் வரும். முழுத்தொகைக்கு 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும், அவருக்கு 20 ஆண்டுகளே உண்டு. 2025-26இல் முழுத்தொகை கிழமைக்கு 230.25 பவுண் என்பதால், அவருடைய பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,840 பவுண், அதாவது 27 இலட்சம் ரூபாய். இதுவும் ஒரு வெளிநாட்டுச் சொத்தே. ஆனால் இலங்கையில் வசிப்பவருக்கு அந்த ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. இங்கே வாழும்வரை தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். இதை அவர் அறிந்திருக்கவில்லை. அதன் வாங்கும் சக்தி ஆண்டுக்கு மூன்று சதவீதம் குறைகிறது என்று கொண்டால், 15 ஆண்டில், அவருடைய 82 வயதில், இன்றைய 27 இலட்சம் பதினேழரை இலட்சத்துக்குச் சமமாகிவிடும். ஆண்டுச் செலவான 24 இலட்சத்துக்கும் அதற்கும் இடையில் விரிந்துகொண்டே போகிற பள்ளத்தைச் சேமிப்பு நிரப்ப வேண்டும்.

ஆகவே மூன்று ஆண்டுச் செலவான 72 இலட்சத்தையும், திடீர் வைத்தியச் செலவுக்கென்று இன்னொரு 24 இலட்சத்தையும் ரூபாயில், வெவ்வேறு முதிர்வுத் திகதிகளில் வைக்கச் சொன்னேன். மொத்தம் 96 இலட்சம், சேமிப்பில் ஐந்தில் ஒன்று. மிகுதி ஐந்தில் நான்கு வெளிநாட்டு நாணயத்தில்: அதில் இரண்டு ஆண்டுச் செலவுக்குரியது வைப்பாக, மற்றது பல நாட்டுப் பங்குகளைக் கொண்ட குறைசெலவுச் சுட்டெண் நிதியில். எண்பது சதவீதம் அதிகமாகத் தோன்றும். வீடும் வயலும் இந்த மண்ணிலேயே இருப்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும். வயலில்லாமல் வாடகை வீட்டில் இருப்பவர் ரூபாய்ப் பங்கைக் கூட்டத்தான் வேண்டும். முழு ஓய்வூதியம் பெற்று, அதில் பாதியே செலவாகிறவரும் சேமிப்பில் கூடுதலாக ரூபாய் வைக்கலாம். அவரிடம் பவுண் ஏற்கெனவே போதும். ஆறு மாதத்துக்கொரு முறை செலவான அளவை மாற்றி ரூபாய்ப் பங்கை நிரப்புங்கள்; வீதம் மோசமென்றால் ஒரு தவணையையோ இரண்டையோ தவறவிடுங்கள், ஆனால் ஒன்றரை ஆண்டுச் செலவுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

இங்குள்ள வங்கியில் டொலர்க் கணக்கு வைத்திருப்பதையே வெளிநாட்டுச் சொத்து என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். அது ரூபாய் தேய்வதிலிருந்து காக்கும். நாட்டின் நெருக்கடியிலிருந்து காக்காது. டொலரில் வெளியிடப்பட்ட இலங்கை அபிவிருத்தி முறிகள் 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அகப்பட்டன. ஆண்டுச் செலவுக்கான டொலர் இங்கே இருக்கட்டும். நீண்டகாலப் பணம் வெளியே இருக்கட்டும். கொண்டுவருவதை வங்கி ஊடாகவே கொண்டுவந்து பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாலு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று உண்டியலில் அனுப்பினால், பணம் வந்த வழியைப் பின்னர் காட்ட முடியாது.

விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் முதலீட்டு நிறுவனத்திடமும் வங்கியிடமும், இலங்கை முகவரிக்கு மாறினால் கணக்கைத் தொடர விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் மூடச் சொல்வார்கள்; இங்கிருந்து புதிதாகத் திறப்பது கடினம். பிரித்தானியாவின் வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருக்கலாம், ஆனால் அங்கு வதிவிடம் இழந்தபின் புதிதாகப் பணம் போட முடியாது. மனைவியின் பங்களிப்பு ஆண்டுகளையும் அப்போதே சரிபாருங்கள்: புதிய அரச ஓய்வூதிய முறையில் கணவரின் ஓய்வூதியம் பெரும்பாலும் அவர் இறப்புடனேயே நின்றுவிடும், மனைவிக்குப் பத்து ஆண்டுகூட இல்லையென்றால் அவருக்கென்று எதுவும் வராது, மேலே சொன்ன ஐந்தில் நான்கு அவருடைய முழுச் செலவையும் தாங்க வேண்டிவரும்.