திங்கட்கிழமைப் பட்டியலில் 1 வீதம் 3 வீதத்தை முந்துவது எப்படி?

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக உள்ள ஒரு ஹாட்வெயார் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். திங்கள் காலையில் முதலாளி கதவைத் திறந்து, சாம்பிராணி காட்டிவிட்டு, பில் கட்டை என் பக்கம் தள்ளுவார். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுவதுதான் எங்கள் முதல் வேலை. கொழும்பிலுள்ள மொத்த வியாபாரிகள் சிலர் நேரகாலத்தோடு பணம் கொடுத்தால் கழிவு தருகிறார்கள். அந்தக் கழிவு உண்மையில் எவ்வளவு பெறுமதி என்பது பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்தால் தெரியாது.

பெயின்ற் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகை 150,000 ரூபாய், பில் திகதி ஜூலை 27. பத்து நாளுக்குள் கொடுத்தால் 2 வீதம் கழிவு, இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் முழுத்தொகை. அதாவது ஒரே பில்லுக்கு இரண்டு திகதிகள்: கழிவு முடியும் திகதி ஆகஸ்ட் 6, கடைசித் திகதி ஆகஸ்ட் 26. பெரும்பாலான கடைகளில் பட்டியலைக் கடைசித் திகதிப்படிதான் அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் இந்தப் பில் தாளின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அது மேலே ஏறி வரும்போது கழிவுத் திகதி என்றோ போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாங்கள் திங்களில் மட்டுமே பணம் கொடுக்கிறோம். ஆகஸ்ட் 6 வியாழக்கிழமை. ஆகவே எங்களுக்குக் கழிவின் கடைசி நாள் வியாழன் அல்ல, அதற்கு முன்வரும் திங்களான 3ஆம் திகதி. அதேபோல ஆகஸ்ட் 26 புதன் என்பதால், முழுத்தொகை கொடுப்பதானாலும் 24ஆம் திகதித் திங்களில் கொடுத்துவிடுவோம். எனவே முதலாளிக்கு முன்னால் இருக்கும் தெரிவு இதுதான்: இன்று, 3ஆம் திகதி, 147,000 கொடுப்பதா, மூன்று வாரம் கழித்து 150,000 கொடுப்பதா? 147,000 ரூபாயை மூன்று வாரம் கையில் வைத்திருக்க 3,000 ரூபாய் வாடகை. வாரத்துக்கு ஏறத்தாழ 0.68 வீதம். ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கினால் 35 வீதத்தைத் தாண்டுகிறது. 2 வீதம் என்று சாதுவாக எழுதியிருப்பது இதைத்தான்.

அந்தத் திங்களன்று பட்டியலில் வேறு இரண்டு கழிவுகளும் இருந்தன. பிவிசி குழாய் பில் 200,000 ரூபாய். ஆகஸ்ட் 6க்குள் கொடுத்தால் 3 வீதம் கழிவு, இல்லாவிட்டால் செப்டெம்பர் 28 வரை தவணை. கூரைத் தகரம் 100,000 ரூபாய். ஆகஸ்ட் 8க்குள் கொடுத்தால் 1 வீதம், கடைசித் திகதி ஆகஸ்ட் 15. முதலாளி உடனே குழாயின் மேல் விரலை வைத்தார். "மூன்று வீதம், ஆறாயிரம் ரூபாய். இதை விடலாமா, தம்பி?" என்றார்.

திங்கள்களை எண்ணிப் பார்த்தோம். குழாய்க்கு இன்றைக்கும் செப்டெம்பர் 28க்கும் இடையில் எட்டு வாரம். 194,000 ரூபாய்க்கு 6,000 என்பது 3.09 வீதம், எட்டால் பிரித்தால் வாரத்துக்கு 0.39, ஆண்டுக்கு 20 வீதம். தகரத்தின் கடைசித் திகதியான ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. அதற்கு முன்னுள்ள திங்கள் 10ஆம் திகதி. ஒரே ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு 1.01 வீதம், ஆண்டுக்கு 52 வீதத்துக்கும் மேல். எப்படியும் அடுத்த திங்கள் கொடுக்கப்போகும் காசை ஏழு நாள் முந்திக் கொடுப்பதற்கு ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். "அண்ணை, முதலில் தகரம், பிறகு பெயின்ற், கடைசியில் குழாய்" என்றேன். அவர் நம்பாமல் கல்குலேட்டரை வாங்கித் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

கணினியில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு வரிகள் போதும். C2 என்பது கழிவு வீதம் (2 என்றே எழுதவும்), D2 கழிவு முடியும் திகதி, E2 கடைசித் திகதி.

```
=D2-WEEKDAY(D2,3)
=C2/(100-C2)*100*52/((E2-WEEKDAY(E2,3)-TODAY())/7)
```

முதல் வரி கழிவுக்கான கடைசித் திங்களைத் தரும். அது இன்றைய திகதி என்றால் இன்றே முடிவெடுக்க வேண்டும். அடுத்த திங்கள் என்றால் பில்லை இன்று தொடவே தேவையில்லை. இரண்டாவது வரி ஆண்டு வீதத்தைத் தரும். அதைத் திங்களன்று திறந்து பார்த்தால்தான் வாரக் கணக்குச் சரியாக வரும்.

இனிக் காசு எங்கே என்ற கேள்வி. அன்று வங்கியில் 600,000 ரூபாய் இருந்தது. அதில் 320,000 எங்களுடையது அல்ல: சீமெந்துக்கு முன்பே எழுதிக் கொடுத்த பின்திகதிக் காசோலை 7ஆம் திகதி வங்கிக்கு வரும். கழிவு இல்லாத பில் என்றாலும் பட்டியலின் தலையில் அதுதான் நிற்க வேண்டும். அது திரும்பினால் பிறகு யாரும் கடனுக்குச் சரக்கு ஏற்றமாட்டார்கள். பெடியன்களின் சம்பளத்துக்கு 50,000 ஒதுக்கினோம். மிச்சம் 230,000. தகரத்துக்கு 99,000 போக 131,000 நின்றது. பெயின்றுக்கு 16,000 குறைந்தது.

கடைக்கு 150,000 ரூபாய் வரை வங்கி மேலதிகப்பற்று உண்டு, வட்டி ஆண்டுக்கு 15 வீதம். 16,000 ரூபாயை மூன்று வாரம் எடுத்தால் வட்டி 138 ரூபாய். கிடைக்கும் கழிவு 3,000. எடுத்தோம். குழாய்க்கும் இதே கணக்கைப் போட்டால் எட்டு வார வட்டி 4,465 ரூபாய், கழிவு 6,000, தாளில் இலாபம்தான். ஆனால் பற்றின் எல்லை அதற்குக் காணாது. எல்லை இருந்தாலும் நான் தயங்கியிருப்பேன். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுபவர் நெல் விற்றுத் தருகிறேன் என்பார், ஒப்பந்தகாரர் தன் பில் பாஸாகட்டும் என்பார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக எட்டு வாரம் வங்கிக் கணக்கை அடிமட்டத்தில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. குழாயைச் செப்டெம்பர் 28க்குத் தள்ளினோம். மாதம் 5 வீத வட்டிக்குக் கைமாற்று வாங்குபவருக்கு அது ஆண்டுக்கு 60 வீதம்; அவருக்கு இந்த மூன்று கழிவில் ஒன்றுமே கட்டாது.

கணக்குச் சரியாக இருந்தும் கழிவு கைநழுவும் இடம் பில் திகதி. கொழும்பில் பில் அடித்த நாளிலிருந்து பத்து நாள் ஓடத் தொடங்கிவிடும். லொறி ஏ-9 வழியாக ஊர் ஊராக இறக்கிக்கொண்டு எங்களிடம் வந்துசேர நாலைந்து நாளாகும். சரக்கு வந்த நாளைப் பட்டியலில் எழுதியவர் கழிவுத் திகதி கடந்தபின் கழித்துக்கொண்டு அனுப்புவார். விற்றவர் சண்டைக்கு வரமாட்டார். மாத முடிவில் அவர் அனுப்பும் கணக்குக் கூற்றில் 3,000 ரூபாய் மட்டும் நிலுவையாகத் தொங்கும். சின்னச் சின்னத் தொகைகள் அப்படி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மற்றத் தவறு எங்களுக்கே நடந்தது. ஒரு பில்லுக்குப் பின்திகதிக் காசோலை கொடுத்துவிட்டு, கழிவு கிடைக்கிறதே என்று வங்கி மூலம் காசையும் முந்தி அனுப்பினோம். காசோலையைத் திருப்பி வாங்க மறந்துபோனோம். திகதி வந்ததும் அதுவும் வங்கிக்குப் போனது. 3 வீதம் மிச்சம் பிடிக்கப் போய் 197 வீதம் கொடுத்து, அதைச் சரக்காக வாங்கிக் கழிக்க இரண்டு மாதம் எடுத்தது. இப்போது பட்டியலில் காசோலை கொடுத்த பில்லுக்குப் பக்கத்தில் காசோலை இலக்கத்தைச் சிவப்பில் எழுதுகிறேன். அந்தக் காசோலை கைக்குத் திரும்பி வந்தபின்தான் முதலாளி காசை அனுப்புவார்.