"கைடு பண்ணுங்க" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

இந்த வாரமும் லிங்க்ட்இன்னில் அதே மாதிரி ஒரு செய்தி வந்தது. "மதிப்பிற்குரிய சார், உங்கள் சாதனைகளைப் பார்த்துப் பிரமித்துப் போனேன், நீங்கள்தான் என் ரோல் மாடல், தயவுசெய்து என்னை கைடு பண்ணுங்கள்." நான் சார் இல்லை, மேடம். பெயரும் படமும் பக்கத்தின் உச்சியிலேயே இருக்கின்றன. ஒரே செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் கட்டட ஸ்ட்ரக்சுரல் டிசைனர். சிவில் முடித்துவிட்டு சைட்டில் இருப்பவர்கள், டிசைன் பக்கம் வர ஆசைப்பட்டு எழுதுகிறார்கள். அந்த ஆசை நியாயமானது, பதில் சொல்ல எனக்கும் மனம் இருக்கிறது. ஆனால் பலரிடம் ஒரு தவறான எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது: பணிவான வார்த்தைகள் எவ்வளவு கூடுகிறதோ, பதில் வரும் வாய்ப்பும் அவ்வளவு கூடும் என்று. அப்படி இல்லை. "வணக்கம் மேடம்" என்பதிலேயே மரியாதை முழுசாக வந்துவிட்டது. அதற்கு மேல் நீங்கள் புகழும் ஒவ்வொரு வரியும், கேள்விக்கு இருந்த இடத்தைத் தின்கிறது. போனில் செய்தியைத் திறக்காமலே தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான், அதில் புகழ்ச்சி மட்டுமே இருந்தால் உங்களுக்கு என்ன வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. இன்னொன்று, இவ்வளவு புகழ்ந்தவரிடம் "இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது" என்று உண்மையைச் சொல்லவும் கை வராது.

"கைடு பண்ணுங்க" என்பது கேள்வியே இல்லை. எதில், எங்கிருந்து, எதுவரை என்று நான்தான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வெறும் "ஹாய் மேடம்" போட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதே கதைதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் எழுதியதை, அவருடைய அனுமதியோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்:

"வணக்கம் மேடம். அடுக்குமாடி சைட்டில் ஒன்றரை வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். டிசைனுக்கு மாற விரும்பி, ஒரு மாடி வீட்டை ஈடாப்ஸில் மாடல் செய்து பார்த்தேன். 4 மீட்டர் பீம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் லோடு. கையால் போட்டால் நடுவில் மொமென்ட் 40 வருகிறது, ஈடாப்ஸ் நடுவில் 22, இரண்டு முனையிலும் 18 காட்டுகிறது. சைட்டில் தூண் ஓரமாக மேலே எக்ஸ்ட்ரா கம்பி கட்டுவது இந்த 18-க்காகத்தானா? அப்படியென்றால் நான் அடுத்து எதைப் படிக்க வேண்டும்? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி போதும்."

இதில் புகழ்ச்சி ஒரு வார்த்தைகூட இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. அவர் எங்கே நிற்கிறார், தானாக என்ன முயன்றார், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார் என்று எல்லாம் தெரிகிறது. அவர் பீமை இரண்டு பக்கமும் சும்மா தாங்கி நிற்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார், மென்பொருளோ தூணோடு இறுகச் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 22-ஐயும் 18-ஐயும் கூட்டினால் அதே 40 வருகிறது, பாருங்கள். "ஆமாம், அதற்காகத்தான். மொமென்ட் டிஸ்ட்ரிப்யூஷன் படியுங்கள், அப்புறம் ஐ.எஸ். 456-ல் அட்டவணை 12 பாருங்கள்" என்று டீ ஆறுவதற்குள் பதில் போட்டுவிட்டேன். அடுத்து எம்.இ. சேரலாமா என்று கேட்டபோதும் பேச ஓர் அடிப்படை இருந்தது.

ஆங்கிலம் சரியாக வராது என்று தயங்குகிறவர்களும் உண்டு. எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே எழுதுங்கள், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆங்கிலத்தைவிட அது எவ்வளவோ தெளிவு.

வேலை வேண்டுமென்றால் வேலை என்றே கேளுங்கள், வழிகாட்டுதல் என்று ஆரம்பித்துக் கடைசியில் ரெஸ்யூமை இணைக்காதீர்கள். ஒரு செய்தியில் ஒரே விஷயத்தைக் கேளுங்கள். மாடல் ஃபைலை முழுசாக அனுப்பி "செக் பண்ணிச் சொல்லுங்க" என்று கேட்பது என் அரை நாள் வேலை, முதல் செய்தியிலேயே அதைக் கேட்காதீர்கள். எண்ணைத் தேடிப் பிடித்து ராத்திரி வாட்ஸ்அப்பில் அழைப்பதும் வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் வேறொருவருக்கு அவருக்கேற்ப எழுதுங்கள். காங்கிரீட் ஊற்றும் வாரங்களில் என்னால் இன்பாக்ஸ் பக்கமே வர முடியாது, அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் வந்தபிறகு சொன்னதைச் செய்து பார்த்தீர்களா, எங்கே நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள் கண்ணுங்களா. இரண்டாவது கேள்விக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதுவது பெரும்பாலும் அந்த வரியைப் பார்த்துத்தான்.