த்ராம்போபொயட்டின் ஏற்பித் தூண்டி: சொல் விளக்கம்

கிரேக்கத்தில் த்ராம்போஸ் என்றால் உறைகட்டி. பொயேசிஸ் என்றால் ஆக்கம். இதை அப்படியே 'உறைவாக்கி' என்று எழுதினால் தவறான பொருள் வரும். த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோன் இரத்தத்தை உறைய வைப்பதில்லை, தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டுகளை, உருவாக்கச் செய்கிறது. அதனால் 'தட்டணுவாக்கி' என்பதே பொருந்தும். ரிசெப்டருக்கு 'ஏற்பி' என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அந்த ஏற்பியில் ஒட்டி அதை வேலை செய்ய வைப்பது 'தூண்டி'.

தட்டணுவாக்கியைப் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்களின் ஏற்பியில் அது ஒட்டினால், அவை பெருகி முதிர்ந்து தட்டணுக்களை உதிர்க்கும். ஐடிபி நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கிறது. ஆனாலும் இந்த ஹார்மோன் எதிர்பார்க்கும் அளவுக்கு உயர்வதில்லை. தூண்டி மருந்துகள் அழிவை நிறுத்துவதில்லை. அழிவை மிஞ்சும் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டுகின்றன. ரோமிப்ளோஸ்டிம் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. எல்ட்ரோம்போபாக் தினசரி மாத்திரை.

ஸ்டீராய்டுக்கு மசியாதவர்களுக்கும், ஸ்டீராய்டைக் குறைத்தாலே தட்டணு எண்ணிக்கை சரிபவர்களுக்கும்தான் இவை பொதுவாகத் தரப்படுகின்றன. எண்ணிக்கை சற்றுக் குறைந்து, இரத்தக்கசிவும் இல்லாதவருக்குத் தேவைப்படாது. இலக்கு 50,000-ஐத் தாண்டுவது. இயல்பான 1,50,000-ஐ எட்ட வேண்டியதில்லை. அதற்காக டோஸை ஏற்றிக்கொண்டே போனால் கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

ஒருவருக்கு எட்டு மாதமாக ஐடிபி, எண்ணிக்கை 18,000 என்று வைத்துக்கொள்வோம். எல்ட்ரோம்போபாக் 50 மில்லிகிராம் தொடங்குகிறார்கள். கிழக்கு ஆசிய வம்சாவளியினருக்கும் கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கும் ஆரம்ப டோஸ் இதைவிடக் குறைவு. ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை ஏற வேண்டும், இவருக்கு ஏறவில்லை. உடனே 75-க்கு உயர்த்தத் தோன்றும். அதற்கு முன் எந்த நேரத்தில், எதனுடன் விழுங்குகிறார் என்று கேட்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு எலும்புக்காகக் கால்சியம் மாத்திரையும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் காலையில் சேர்த்து விழுங்கினால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்சுவது வெகுவாகக் குறையும். பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, அமில முறிப்பான் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மருந்துக்குப் பிறகு 2 மணி நேரமாவது இவை கூடாது. இவற்றைச் சாப்பிட்டிருந்தால் 4 மணி நேரம் கழித்தே மருந்து. மாலை 6 மணிக்குமேல் இவை எல்லாவற்றையும் தவிர்த்து, இரவு 10 மணிக்கு மாத்திரையைப் போடுவது எளிய வழி.

எண்ணிக்கையை முதலில் வாரந்தோறும் பார்ப்பார்கள். 2,00,000-ஐத் தாண்டினால் டோஸ் குறையும், 4,00,000-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். எல்ட்ரோம்போபாக் எடுப்பவருக்குக் கல்லீரல் பரிசோதனையும் தொடர்ந்து வேண்டும். எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று நோயாளி தானாக நிறுத்துவதுதான் பெரிய சிக்கல். சில நாட்களிலேயே எண்ணிக்கை தொடங்கிய இடத்துக்கோ அதற்கும் கீழேயோ சரியலாம். ஈறில் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.